கிழமை என்னும் சாட்சி

நாகூரிலிருந்து தரங்கம்பாடி வரையிலான கடற்கரையின் சமய வரலாற்றை எழுத உட்கார்ந்தால் ஒரே பக்கத்தில் நான்கு விதமான தேதிகள் வந்து நிற்கும். கோயில் கல்வெட்டு சகாப்தம் பேசும். தர்காவின் மரபு ஹிஜ்ரி பேசும். தரங்கம்பாடியிலிருந்து ஜெர்மனிக்குப் போன மிஷன் கடிதங்கள் ஒரு கிறிஸ்தவ நாட்காட்டியைப் பின்பற்றும். அதே காலத்தில் சென்னைக் கோட்டையில் எழுதப்பட்ட ஆங்கிலக் கடிதங்கள் பதினொரு நாள் பின்தங்கிய இன்னொரு கிறிஸ்தவ நாட்காட்டியைப் பின்பற்றும். என் ஆய்வுக் கட்டுரையின் பொருள் அந்தக் கடற்கரைதான். அதற்காக, கல்வெட்டுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் காலக்கணிதம் கற்கச் சேர்ந்தேன். ஐயா என்றே அழைப்பேன்.

அவர் முதலில் என்னைக் கணக்குப் போட விடவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போடச் சொன்னார். முதல் கட்டத்தில் மூலம் சொல்லும் தேதி, எழுத்துக்கு எழுத்து அப்படியே. அடுத்ததில் அது எந்த ஆண்டு முறை என்பது. பிறகு கணக்கிட்ட ஆங்கிலத் தேதி, அதன் கிழமை, மூலத்தில் கிழமை இருந்தால் அது. கடைசிக் கட்டத்தில் எவ்வளவு உறுதி என்பது. "மூலத்தை ஒருநாளும் திருத்தாதே. கல்லில் தப்பு இருந்தாலும் அது கல்லோட தப்பு. உன் கணக்கு பக்கத்துல இருக்கட்டும், மேல ஏறி உட்காரக் கூடாது" என்றார். கட்டுரையில் ஒரு தேதி பத்து இடத்தில் வந்தாலும் அந்த நோட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும், இடத்துக்கு இடம் புதிதாகக் கணக்கிடக் கூடாது என்பதும் அன்றே சொன்ன விதி. ஒரே நிகழ்வு முன்னுரையில் 1516 என்றும் முடிவில் 1517 என்றும் அச்சாவது பெரும்பாலும் இந்த விதியை மீறுவதால்தான்.

அதன் பிறகு ஒரு பயிற்சி வரி எழுதிக் கொடுத்தார்: சகாப்தம் 1438ன் மேல் செல்லாநின்ற தாது வருஷம், மகர நாயற்று. விஜயநகரக் காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் இந்த வாய்ப்பாடு திரும்பத் திரும்ப வரும். அதில் உயிரான இடம் 'மேல் செல்லாநின்ற' என்பது. 1438 ஆண்டுகள் முடிந்துவிட்டன. அதற்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும் ஆண்டுதான் தாது. ஆகவே 1438 என்பது கழிந்த ஆண்டு, நடப்பது 1439. கழிந்த சக ஆண்டோடு 78 கூட்டினால் ஆண்டுத் தொடக்கத்தின் கி.பி. கிடைக்கும்: 1516. மூலம் நடப்பு ஆண்டைச் சொல்லியிருந்தால் 77தான் கூட்ட வேண்டும். இந்த ஒன்றைக் கவனிக்காவிட்டால் கட்டுரை முழுவதும் ஓராண்டு நழுவும். நழுவியது கண்ணுக்கும் தெரியாது.

தெரிய வைப்பது அறுபது ஆண்டுப் பெயர். தாது வருஷப் பஞ்சத்தைக் கேள்விப்படாத தமிழர் குறைவு. அந்தத் தாது 1876இல் தொடங்கியது. அதிலிருந்து ஆறு அறுபதுகளை, அதாவது 360ஐக் கழித்தால் 1516. எண்ணும் பெயரும் ஒத்துப்போகின்றன. ஐயா இந்தச் சோதனையைத் தாளில்லாமல் மனத்திலேயே செய்துவிடுவார். அறுபது பெயரும் வரிசையாக வாயில் வந்தால் இது யாருக்கும் முடியும். எனக்கு அவை வர நாளானது; பேருந்தில் நின்றபடி பிரபவ, விபவ, சுக்கில என்று சொல்லிக்கொண்டே போவேன். அட்டவணை கையில் இருக்கும்போது மனப்பாடம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அட்டவணையைத் திறக்க வேண்டும் என்ற சந்தேகமே மனப்பாடம் இருப்பவருக்குத்தான் முதலில் வருகிறது.

எண்ணும் பெயரும் ஒத்துப்போகாவிட்டால்? அதற்கு அவர் காட்டியது ஹம்பி விருபாட்சர் கோயிலில் உள்ள கிருஷ்ணதேவராயரின் கல்வெட்டு. அவருடைய பட்டாபிஷேகத்தையொட்டிய கொடையைச் சொல்லும் அந்தக் கல்வெட்டின் தேதி சக 1430, சுக்கில வருஷம், மாக மாதம், வளர்பிறைச் சதுர்த்தசி. 1430ஐக் கழிந்த ஆண்டாகக் கொண்டால் 1508இல் தொடங்கும் விபவ வருகிறது. நடப்பு ஆண்டாகக் கொண்டால் இன்னும் ஒன்று பின்னே போய்ப் பிரபவ வருகிறது. சுக்கில எப்படியும் வராது. அது 1509இல் தொடங்கியது, கழிந்த சக ஆண்டு 1431. இந்த இடத்தில் எதை நம்புவது? ஆண்டின் பெயர் அன்றாடம் மக்கள் வாயில் புழங்கியது. சக எண் எழுதுபவர் கணக்குப் பார்த்து எழுத வேண்டியது. தவறு எண்ணில் புகவே வாய்ப்பு அதிகம். அண்ணன் வீரநரசிம்மரின் ஆட்சி 1509 வரை நீண்டது என்பதும் சுக்கிலவுக்கே துணை நிற்கிறது. ஆகவே தேதி 1510 ஜனவரி 23 அல்லது 24. ஆனால் கட்டுரையில் 1431 என்று திருத்தி எழுதக் கூடாது. '1430 (மூலப்படி), சுக்கில' என்று போட்டு, மாற்றுக் குறிப்பில் எண்ணை விட்டு ஆண்டுப் பெயரை ஏற்ற காரணத்தைச் சொல்ல வேண்டும். நம் முடிவை நாளை ஒருவர் மறுக்க விரும்பினால் அவருக்கு மூலம் அப்படியே கிடைக்க வேண்டும் அல்லவா?

பயிற்சி வரியில் மகர நாயறு மீதி இருந்தது. மகரம் என்றால் தை. தை என்றால் ஜனவரி நடுவில் பிறப்பது. ஆகவே 1517 என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் நம் மாதங்கள் நட்சத்திர மண்டலத்தில் சூரியன் நிற்கும் இடத்தைக் கொண்டு நகர்பவை; அன்றைய ஐரோப்பிய ஜூலியன் நாட்காட்டி வேறு கணக்கில் ஓடியது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சித்திரை பிறந்தது ஜூலியன் கணக்கில் மார்ச் 27, 28 வாக்கில். தை பிறந்தது டிசம்பர் இறுதியில். எனவே தாது வருஷத் தை மாதத்தின் முதல் சில நாட்கள் 1516, மற்றவை 1517. 'தைக்கு 79 கூட்டு' என்ற பொதுவிதி இந்தச் சில நாட்களில் பொய்த்துவிடும். கல்வெட்டில் நாள் இல்லை, மாதம் மட்டும் இருக்கிறது என்றால் '1516 டிசம்பர் – 1517 ஜனவரி' என்று எழுதுவதே நேர்மை.

நாள் வரை போக வேண்டுமானால் திதியும் நட்சத்திரமும் கிழமையும் வேண்டும். கல்வெட்டுகளில் இன்ன திதியும் இன்ன கிழமையும் பெற்ற இன்ன நட்சத்திரத்து நாள் என்று மூன்றையும் கோத்துச் சொல்வது வழக்கம். மூன்று சாட்சிகள் இருக்கின்றன, மூன்றும் ஒத்தால் உறுதி மும்மடங்கு என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் திதியும் நட்சத்திரமும் ஒரே சந்திரனின் இரண்டு அளவுகள். சூரியனின் ராசி தெரிந்துவிட்டால் திதியிலிருந்து நட்சத்திரத்தை ஏறக்குறைய ஊகித்துவிடலாம்; தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டியே வருவது அதனால்தான். எந்த ஆண்டை எடுத்தாலும் தை மாதப் பௌர்ணமியை ஒட்டிப் பூசம் இருக்கும். அவை இரண்டும் ஒத்துப்போவது ஆண்டைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. கிழமைதான் தனிச் சாட்சி. அது சூரியனையும் பார்ப்பதில்லை, சந்திரனையும் பார்ப்பதில்லை. ஏழேழாக ஓடிக்கொண்டே இருக்கிறது. அதே மாதத்து அதே திதி அடுத்த ஆண்டில் நான்கு, ஐந்து அல்லது ஆறு கிழமை தள்ளி விழும். அதே கிழமையில் விழுவது மிக அரிது. கழிந்த ஆண்டா நடப்பு ஆண்டா என்று ஐயம் வந்தால், இரண்டுக்கும் நாள் கணக்கிட்டு, மூலத்தின் கிழமையோடு எது பொருந்துகிறது என்று பார்த்தால் போதும்.

இதற்கு ஐயா எடுத்துவைப்பது எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளையின் பஞ்சாங்கத் தொகுதிகள். கி.பி. 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளுக்கும் கிழமை, திதி, நட்சத்திரம் கணக்கிட்டு 1922இல் சென்னையில் வெளிவந்தவை. கணினி இல்லாத காலத்தில் ஒரு மனிதர் இதை முடித்தார் என்பதை அந்தப் பக்கங்களைப் புரட்டும்போதெல்லாம் வணக்கத்தோடு நினைத்துக்கொள்கிறேன். அதில் தேடிய திதி கிழமையோடு சரியாகப் பொருந்தாமல் ஒரு நாள் தள்ளி நின்றால் உடனே கல்வெட்டைக் குறை சொல்லிவிடக் கூடாது. நம் மரபில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. உதயத்தில் இருக்கும் திதிதான் பொதுவாக அந்த நாளுக்குப் பெயர். ஆனால் கொடை எழுதிய வேளையில் அடுத்த திதி பிறந்திருந்தால் அதையே பொறித்த கல்வெட்டுகளும் உண்டு. ஒரு நாள் வேறுபாட்டுக்கு இப்படி விளக்கம் உண்டு. மூன்று நாள் வேறுபாட்டுக்குக் கிடையாது. அங்கே ஆண்டைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

நாகூர் ஆண்டவர் என்று மக்கள் போற்றும் ஷாகுல் ஹமீது அவர்களின் மறைவை ஹிஜ்ரி 978, ஜமாத்துல் ஆகிர் பிறை 10 என்று மரபு சொல்கிறது. கந்தூரியில் சந்தனம் பூசுவது அந்தப் பத்தாம் இரவில். ஹிஜ்ரி 978 என்பது 1570 ஜூன் 5 முதல் 1571 மே 25 வரை ஓடிய ஆண்டு. ஆண்டு மட்டும் கிடைத்தால் '1570–71' என்று எழுத வேண்டும். மாதமும் பிறையும் கிடைத்திருப்பதால் வாய்ப்பாட்டுக் கணக்கு 1570 நவம்பர் 9, வியாழன் என்று நாளையே தருகிறது. ஆனால் இதில் இரண்டு நெகிழ்வுகள் உண்டு. இஸ்லாமிய நாள் மஃரிபில் தொடங்குகிறது. பத்தாம் இரவு என்பது 8ஆம் தேதி புதன் மாலையில் பிறந்து 9ஆம் தேதி மாலையில் முடியும். அடுத்து, வாய்ப்பாடு மாதங்களை 30, 29 என்று மாறி மாறி எண்ணுகிறது. ஊரார் பிறையைக் கண்ணால் பார்த்து மாதத்தைத் தொடங்குகிறார்கள். அதனால் ஒரு நாள் முன்னும் பின்னும் ஆகலாம். ஹிஜ்ரித் தேதியோடு கிழமையும் சொல்லும் ஆவணம் கிடைத்தால் மட்டும் நாளை உறுதியாகச் சொல்லலாம். அது வியாழன் என்றால் நவம்பர் 9, வெள்ளி என்றால் 10. ஞாயிறு என்றால் பிறைப் பார்வையால் அதை விளக்க முடியாது. மாதத்திலோ ஆண்டிலோ எங்கோ பிழை இருக்கிறது என்று மூலத்துக்கே திரும்ப வேண்டும்.

அந்த நவம்பர் 9 ஜூலியன் நாள். கிரிகோரியன் நாட்காட்டி 1582 அக்டோபரில்தான் பிறந்தது. திரையில் ஓடும் தேதி மாற்றுக் கருவிகளில் சில, பிறக்காத அந்த நாட்காட்டியைப் பின்னோக்கி நீட்டி நவம்பர் 19 என்று காட்டும். இரண்டும் ஒரே வியாழன்தான். ஆனால் ஒரு கட்டுரையில் ஒரு தேதி ஒரு கருவியிலிருந்தும் மற்றது இன்னொன்றிலிருந்தும் வந்தால் பத்து நாள் இடைவெளி சும்மா முளைத்துவிடும். 1582 அக்டோபர் 15க்கு முந்திய தேதிகள் ஜூலியனில், அதிலிருந்து பிந்தியவை கிரிகோரியனில் என்று முதல் குறிப்பிலேயே அறிவித்துவிட்டேன். எக்செல் கட்டங்களில் தேதியைத் தேதியாக இட முயல்வதும் வீண்; அதன் நாட்காட்டி 1900இல்தான் தொடங்குகிறது. பழைய தேதிகளை எழுத்தாகவே இட வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்த பகுதி தரங்கம்பாடி. சீகன்பால்க் அங்கே வந்திறங்கியது 1706 ஜூலை 9. மறைந்தது 1719 பிப்ரவரி 23. தரங்கம்பாடியை ஆண்ட டேனிஷ்காரர்கள் 1700இலேயே பழைய நாட்காட்டியைக் கைவிட்டவர்கள்; அந்த ஆண்டு அவர்களுக்குப் பிப்ரவரி 18க்கு மறுநாள் மார்ச் 1. ஆகவே தரங்கம்பாடித் தேதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலேயர்கள் 1752 வரை ஜூலியனை விடவில்லை. சென்னைக் கோட்டையில் அன்று பதினொரு நாள் குறைவு. போதாததற்கு அவர்களுடைய ஆண்டு ஜனவரியில் பிறக்கவில்லை. மங்கள வார்த்தைத் திருநாளான மார்ச் 25இல் பிறந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்க் இறந்த அதே நாள் சென்னைக் கணக்கில் 1718 பிப்ரவரி 12. அந்த மரணத்தைப் பற்றிச் சென்னையிலிருந்து எழுதிய கடிதம் ஒன்றை எடுத்தால், அவர் இறப்பதற்கு ஓராண்டு முன்பே எழுதப்பட்டதாகத் தோன்றும்.

ஐயா இதற்கும் ஒரு பயிற்சி கொடுத்தார். சென்னைக் கடிதம் ஒன்றில் 'வெள்ளி, பிப்ரவரி 20, 1718' என்றிருப்பதாக வைத்துக்கொள், இது எந்த ஆண்டு என்று கேட்டார். எழுதியவர் ஜனவரியில் ஆண்டைத் தொடங்குபவராக இருந்தால் அது ஜூலியன் 1718. அந்த ஆண்டு பிப்ரவரி 20 வியாழன். மார்ச்சில் தொடங்குபவராக இருந்தால் நம் கணக்கில் 1719. அந்த ஆண்டு பிப்ரவரி 20 வெள்ளி. கடிதம் வெள்ளி என்கிறது; வழக்கு முடிந்தது. பதினொரு நாள் கூட்டினால் 1719 மார்ச் 3, அதுவும் வெள்ளி. நாட்காட்டி மாறும்போது தேதிதான் குதித்தது, கிழமை குதிக்கவில்லை. 1752இல் ஆங்கிலேயர் மாறியபோதுகூடச் செப்டம்பர் 2 புதன், மறுநாள் செப்டம்பர் 14 வியாழன். "ஊர் ஊரா தேதி மாறும்பா, வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் வெள்ளிக்கிழமைதான்" என்றார் ஐயா. கோயில் கல்வெட்டில் பழகிய அதே சோதனை கோட்டைக் கடிதத்திலும் செல்லுபடியானதைக் கண்ட அன்று இந்தத் தொழில் எனக்கு நிஜமாகவே பிடித்துப்போனது.

அச்சில் இதையெல்லாம் எப்படிக் காட்டுவது என்பதில் நாங்கள் சற்று வாதாடினோம். வாசகருக்கு இடைஞ்சலாக இருக்கும், கி.பி. மட்டும் போட்டு மற்றவற்றைப் பின்குறிப்பில் தள்ளிவிடலாமே என்பது என் எண்ணம். ஐயா அதை ஏற்கவில்லை. அவர் சொன்னதே சரி என்று இப்போது நினைக்கிறேன். ஒரு சமூகம் தன் புனித நாளை எந்த ஆண்டில் எண்ணியது என்பதும் சமய வரலாற்றின் ஒரு செய்தி. அதைப் பின்குறிப்புக்கு அனுப்பினால் தர்காவும் கோயிலும் கி.பி.யில் வாழ்ந்ததாக ஆகிவிடும். ஆகவே உரையில் மூலத் தேதி முதலில், அடைப்புக்குள் கி.பி. ஹிஜ்ரி 978 ஜமாத்துல் ஆகிர் 10 (1570 நவம்பர் 9). கணக்கின் வழியும் ஐயமும் மட்டும் குறிப்பில். அந்தக் குறிப்பு இப்படி: 'ஆண்டு, மாதம், பிறை மரபுப்படி. வாய்ப்பாட்டுக் கணக்கு; ஜூலியன் நாள்; நாள் முந்திய மாலையில் தொடங்கும்; பிறைப் பார்வையால் ஒரு நாள் வேறுபடலாம்.' சென்னைக் கடிதத்துக்கு: '1719 மார்ச் 3. மூலத்தில் 1718 பிப்ரவரி 20, பழைய முறை, ஆண்டு மார்ச் 25இல் தொடங்குவது, கிழமை பொருந்துகிறது.' இதற்கு மேல் நீட்ட வேண்டியதில்லை.

சின்னக் குறிகளிலும் ஒழுங்கு வேண்டும். 1516–17 என்று இடைக்கோடு போட்டால், ஒரு சக ஆண்டு இரண்டு கி.பி. ஆண்டுகளில் பரவியிருக்கிறது என்று பொருள். 1718/19 என்று சாய்கோடு போட்டால், ஒரே நாளை இரண்டு ஆண்டு முறைகள் இரண்டு எண்ணால் சொல்கின்றன என்று பொருள். இரண்டையும் கலந்து எழுதிய கட்டுரைகளைப் படிக்கும்போது, ஆசிரியர் எதைச் சொல்ல வருகிறார் என்று புரியாமல் மூலத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. கி.பி.யா பொ.ஆ.வா என்பதும் அப்படித்தான். எதையும் தேர்ந்தெடுக்கலாம், கட்டுரை முடியும் வரை அதுவே இருக்க வேண்டும்.

கல்வெட்டோ சாசனமோ பழைய கடிதமோ படியெடுக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டும் மாதமும் தேதியும் கிடைத்துவிட்டன என்று கிழமையை விட்டுவிடாதீர்கள். எழுத்து பாதி சிதைந்திருந்தாலும் தெரிகிற அளவைக் குறித்துக்கொண்டு வாருங்கள். 'வி' என்ற ஒரெழுத்து மட்டும் தெரிந்தாலும் அது வியாழனாகவே இருக்க முடியும், மற்ற ஆறு கிழமைகளும் விலகிவிடும்.